உப்பளத்துத் தாத்தாவும் அரைத் தேக்கரண்டி உப்பும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பது நம் முன்னோர் வாக்கு. சென்ற ஆண்டு வரை நாங்களும் அதை அப்படியே நம்பியிருந்தோம். அதிலும் எங்கள் ஊர் தூத்துக்குடி. எங்கள் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கு மேல் உப்பளத்தில் கணக்கெழுதியவர். வெள்ளை வெளேரென்று குவித்து வைத்த உப்பம்பாரங்களைப் பார்த்தே இத்தனை டன் இருக்கும் என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் உப்பு என்று அளந்து கொடுக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. 'நாங்கள்' என்பது அம்மா, பத்தாம் வகுப்பில் படிக்கும் நான், ஏழாம் வகுப்பில் படிக்கும் தங்கை ஆகிய மூவர் அடங்கிய எங்கள் வீட்டுச் சமையற்கட்டுக் குழு!

2025 ஜனவரியில் தாத்தாவுக்கு டயாலிசிஸ் தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி என வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். நல்ல சிறுநீரகங்கள் இரவும் பகலும் ஓயாமல் செய்யும் வேலையை அந்த இயந்திரம் வாரத்தில் பன்னிரண்டே மணி நேரத்தில் செய்ய வேண்டும். இடைப்பட்ட நாள்களில் குடிக்கும் தண்ணீர் வெளியேற வழியின்றி உடம்பிலேயே தங்கிவிடும். ஒரு லிட்டர் தங்கினால் ஒரு கிலோ எடை கூடும். ஆகவே, அதிகப்படி நீரெல்லாம் எடுத்த பின் இருக்க வேண்டிய எடையை மருத்துவர் குறித்துக் கொடுத்தார். அதற்கு உலர் எடை என்று பெயர். தாத்தாவின் உலர் எடை 58 கிலோ.

குடிநீருக்கும் ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு நாள் முழுவதும் சேரும் சிறுநீரை அளக்கச் சொன்னார்கள். 200 மில்லி இருந்தது. அதனுடன் 500 மில்லி சேர்த்து, தாத்தாவுக்கு நாள் ஒன்றுக்கு 700 மில்லி என்று முடிவாயிற்று. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும். தாத்தாவின் அளவு தாத்தாவுக்கு மட்டுமே. சோற்றிலும் காயிலும் உள்ள ஈரம் வியர்வையாகவும் மூச்சாகவும் போய்விடும். அதை எண்ண வேண்டாம் என்றார்கள். அப்படியானால் 700 உள்ளே போய் 200 வெளியே வந்தால் நாளொன்றுக்கு அரைக் கிலோதானே கூட வேண்டும்? சனி முதல் செவ்வாய் வரை மூன்று நாள் இடைவெளிக்கு ஒன்றரைக் கிலோ. கணக்கு எளிதாகத்தான் இருந்தது.

ஆனால் மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை தராசில் தாத்தா 61 கிலோ 400 கிராம் இருந்தார்! முந்தைய இரவு படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே கிடந்தார், மூச்சு இரைத்தது. மூன்று லிட்டருக்கு மேல் இருந்த நீரை நான்கு மணி நேரத்தில் எடுத்தபோது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கியது. கெண்டைக்கால் இரண்டும் பிடித்து இழுக்க, தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டு அழுததை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம்.

எங்கே தவறினோம்? தண்ணீரை அளந்து பாட்டிலில்தானே கொடுத்தோம்? அன்றிரவு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கூட வேண்டியது 1.5 கிலோ, கூடியது 3.4 கிலோ. கணக்கில் வராத நீர் ஏறக்குறைய 1.9 லிட்டர். முதலில் காலைக் கஞ்சி அகப்பட்டது. அதை நாங்கள் சாப்பாடு என்றே நினைத்திருந்தோம். வடிகட்டி அளந்து பார்த்தால் ஒரு கிண்ணத்தில் 250 மில்லி நீர்! மதியச் சோற்றுக்கு ஊற்றிய ரசம் 100 மில்லி. ஆக, நாளொன்றுக்கு 350; மூன்று நாளில் 1 லிட்டருக்குச் சற்று மேல். மீதி 850 மில்லி எங்கே போயிற்று என்று தெரியவே இல்லை.

அதைக் கண்டுபிடித்தவர் பாட்டி. விடிகாலையில் எழுந்தபோது மண்பானை மேலிருந்த தம்ளர் ஈரமாக இருந்ததாம். தாத்தாவிடம் கேட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "தொண்டை வறண்டு நாக்கு ஒட்டிக்கிடுது, ஏட்டி. நா என்ன செய்ய?" என்றார். அம்மாவுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. பானையை எடுத்து ஒளித்து வைத்தோம். வீட்டில் பெரியவர் ஒருவர் தண்ணீருக்குத் திருடரைப் போலாகிவிட்டாரே என்று எங்களுக்கே வெட்கமாயிருந்தது.

அடுத்த முறை மருத்துவமனை சென்றபோது உணவு ஆலோசகரிடம் இதைச் சொன்னோம். அவர் தாத்தாவைக் கடிந்துகொள்ளவில்லை. எங்களைப் பார்த்துத்தான் கேட்டார்: "தண்ணீரை அளந்தீர்களே, உப்பை அளந்தீர்களா?"

உப்பு இரத்தத்தில் கூடியவுடன் மூளை தாகத்தை எழுப்பிவிடுகிறது. எவ்வளவு உறுதியுள்ளவராலும் அதை அடக்க முடியாது. நமது உடல்நீரின் உப்புத்தன்மை ஏறத்தாழ லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற அளவில் இருக்கிறது. சிறுநீராக வெளியேற முடியாத 9 கிராம் உப்பு உள்ளே போனால், அதைச் சமப்படுத்த ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கும் வரை தாகம் விடாது. வீட்டில் கணக்குப் பார்த்தோம். எங்கள் ஆறு பேருக்கு மாதம் இரண்டு கிலோ உப்பு வாங்குகிறோம். கழுவியதும் சிந்தியதும் போக ஆளுக்கு நாளொன்றுக்கு 9 கிராமாவது வயிற்றுக்குள் போகிறது. தாத்தாவுக்கு "ஒரு கை குறைத்துப்" போட்டதாக நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் சப்பென்ற சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள எலுமிச்சை ஊறுகாயும் அப்பளமும் வைத்தோமே! குறைத்ததெல்லாம் அந்த வழியாகத் திரும்பி வந்துவிட்டது. தாகத்தை ஊட்டியவர்கள் நாங்களேதான். தாத்தாவைக் குற்றம் சொன்னது எவ்வளவு பெரிய பிழை!

இதைக் கேட்ட தாத்தா மெல்லச் சிரித்தார். "பாத்தியில உப்பு விளையணும்னா தண்ணி போகணும். என் ஒடம்புல தண்ணி தங்காம இருக்கணும்னா உப்பு போகணும். இது எனக்குத் தெரியாம போச்சே" என்றார்.

ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு என்பது தாத்தாவுக்குச் சொன்ன வரம்பு. பால், முட்டை, மீன் ஆகியவற்றிலேயே இயற்கையாகக் கொஞ்சம் இருப்பதால், சமையலுக்கு நாங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது 3 கிராம்தான். பள்ளி ஆய்வகத்தில் சிஸ்டரிடம் அனுமதி பெற்று ஒரு தேக்கரண்டி உப்பை நிறுத்துப் பார்த்தோம். தூளுப்பைத் தலைதட்டி எடுத்தால் 6 கிராம் இருந்தது. கல்லுப்பு இடைவெளி விட்டு நிற்பதால் 5 கிராம்கூட வரவில்லை. ஆகவே எந்த உப்பு என்று தெரியாமல் "ஒரு கரண்டி" என்று சொல்வதில் பொருளில்லை. தூளுப்பில் அரைத் தேக்கரண்டி எடுத்துத் தினமும் காலையில் ஒரு சிறிய மருந்துப் புட்டியில் போட்டு வைத்தோம். தாத்தாவின் உணவுக்கு அந்தப் புட்டியைத் தவிர வேறு எந்த உப்பும் இல்லை.

அந்த 3 கிராமை எங்கே போடுவது என்பதில்தான் சமையலின் சூட்சுமமே இருக்கிறது. முதல் நாள் எல்லாப் பண்டத்திலும் சிறிது சிறிதாகப் போட்டோம். எல்லாமே சப்பென்றிருந்தன. குழம்புக்குள் கரைந்த உப்பு நாக்குக்குப் பாதிதான் தெரிகிறது. பண்டத்தின் மேலே தூவிய உப்பு நாக்கில் நேரே படுகிறது. ஆதலால் தாத்தாவின் பங்கை உப்பே இல்லாமல் சமைத்து, தட்டில் வைத்த பிறகு, ஒரு வேளைக்கு ஒரே ஒரு பண்டத்தின் மேல் மட்டும் இரண்டு சிட்டிகை தூவினோம். அந்தப் பண்டத்தோடு சேர்த்துச் சாப்பிடும்போது சோறும் மற்றதும் அதன் ருசியிலேயே இறங்கிவிட்டன. நல்லவேளையாக நம் வீடுகளில் சோற்றுக்கு உப்புப் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை!

இட்லி மாவில் ஒரு பாடம் கற்றோம். உப்புப் போடுமுன் தாத்தாவுக்கு வேண்டிய மாவைத் தனியே எடுத்து வைத்தோம். காலையில் பார்த்தால் அது பொங்கி வழிந்து புளித்த வாடை அடித்தது. உப்புதான் புளிப்பைத் தாமதப்படுத்தும் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது அந்த மாவைச் சீக்கிரமே குளிர்பெட்டியில் வைத்துவிடுகிறோம். இலேசான புளிப்பு மட்டும் இருந்தால் உப்பில்லாதது அவ்வளவாகத் தெரிவதில்லை. மாவு பொங்குவதற்காகச் சிலர் ஆப்பசோடா போடுவார்கள். அதிலும் உப்பில் உள்ள அதே சோடியம் இருப்பதால் அதைத் தொடுவதில்லை.

உப்பின் இடத்தில் எதை வைப்பது? முதலில் காரத்தைக் கூட்டினோம். மிளகாய் அதிகமான அன்று தாத்தாவுக்கு வாய் எரிந்து, ஒரு நாள் தண்ணீரில் பாதி மதியத்துக்குள்ளேயே தீர்ந்துவிட்டது. காரம் உப்புக்கு ஈடாகாது என்று தெரிந்தது. ஈடாவது புளிப்பும் வறுத்த வாசனையும்தான். மிளகு, சீரகம், கொத்துமல்லி விதை ஆகியவற்றை எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில் மணம் எழும் வரை வறுத்துப் பொடித்து வைத்தோம். கறிவேப்பிலையை மொறுமொறுவென்று வாட்டி அதனுடன் சேர்த்தோம். பரிமாறும்போது எலுமிச்சைச் சாறு சில சொட்டுப் பிழிந்தோம். முன்பே பிழிந்து கொதிக்க வைத்தால் அந்த மணம் போய்விடும். தக்காளியையும் புளியையும் தாராளமாகப் போடவில்லை. அவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிவிடும்.

பொட்டாசியத்தைப் பற்றி இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்ல வேண்டும். எங்கள் அத்தை ஒருவர் மிகுந்த பாசத்தோடு "சோடியம் குறைந்த உப்பு" என்று ஒரு பாக்கெட் வாங்கி வந்தார். வேண்டிய அளவு போடலாமாம்! அம்மா பாக்கெட்டின் பின்புறத்தைப் படித்தார். சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருந்தார்கள். மற்றவர்களுக்கு நல்லதாயிருக்கலாம், தாத்தாவுக்கு அது சாதாரண உப்பைவிட ஆபத்து. இந்துப்பும் தீர்வல்ல, அதுவும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான். இன்னொரு நாள் பக்கத்து வீட்டு மாமா உடம்புக்குக் குளிர்ச்சி என்று இரண்டு இளநீர் சீவிக் கொண்டுவந்தார். இளநீரில் பொட்டாசியமும் மிகுதி. அது நீர்க்கணக்கிலும் சேரும். மாமா மனம் நோகாதபடி நன்றி சொல்லி வாங்கி, அவர் போனதும் நாங்கள் இருவரும் குடித்துவிட்டோம். தாத்தா சாய்வு நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் கொஞ்சம் கஷ்டமாயிருந்தது.

காய்கறிகளில் புடலை, சுரை, பீர்க்கு, முட்டைக்கோஸ் ஆகியவற்றை மிகுதியாக எடுத்துக்கொண்டோம். எந்தக் காயானாலும் தோல் சீவிப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்போம். பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். "சத்தெல்லாம் போகிறதே" என்று பாட்டி வருந்துவார். தாத்தாவைப் பொறுத்தவரை போக வேண்டியதுதான் போகிறது. இப்படி வெந்த கோஸைக் கடுகு, உளுந்து, வற்றல் ஒன்று தாளித்து, ஒரு கரண்டித் தேங்காய்ப்பூ தூவி இறக்கினால், வடித்த காய் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

தாத்தா மிகவும் ஏங்கியது மீனுக்குத்தான். டயாலிசிஸ் தொடங்குமுன் புரதத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள். தொடங்கிய பின்போ, சுத்திகரிப்பில் புரதத்தின் ஒரு பகுதி போய்விடுவதால், முட்டை வெள்ளைக்கருவும் மீனும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மீன் குழம்பு என்றால் நீரும் புளியும் உப்பும் ஒன்றாக வந்துவிடும். கருவாடோ உப்பிலேயே கிடந்தது. எனவே குழம்பில்லாத மீன் ஒன்றைச் செய்தோம். அன்று பிடித்த சீலா மீனில் ஒரு துண்டு, சுமார் 100 கிராம். மிளகு, சீரகம் அரை அரைத் தேக்கரண்டி, பூண்டு மூன்று பல், சின்ன வெங்காயம் நான்கு, வாட்டிய கறிவேப்பிலை ஒரு கொத்து, மஞ்சள் தூள் சிட்டிகை ஆகியவற்றைத் தண்ணீர் அதிகம் விடாமல் அரைத்து, அரை மூடி எலுமிச்சைச் சாறும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயும் கலந்து மீனில் தடவி இருபது நிமிடம் வைத்தோம். பிறகு அனலில் வாட்டிய வாழையிலையில் பொதிந்து, தோசைக்கல்லில் மூடிபோட்டு, இளந்தீயில் பக்கத்துக்கு ஏழு நிமிடம் விட்டோம். இலை கருகி மணம் எழுந்ததும் தட்டில் பிரித்து, இரண்டு சிட்டிகை உப்பை மேலே தூவினோம். மீன் புதிதாயிருக்க வேண்டியது முக்கியம். பழைய மீனின் வாடையை மறைக்க உப்பும் புளியும் தேவைப்படும்; புது மீனுக்கு அவை தேவையில்லை. தாத்தா முள்ளை நக்கிவிட்டு, "இன்னிக்கு எம்புட்டு உப்புப் போட்டிய?" என்று சந்தேகத்தோடு கேட்டார். புட்டியைக் காட்டினோம். பாதிக்கு மேல் மீதி இருந்தது.

தண்ணீருக்கும் ஒரு முறை வகுத்தோம். காலையில் 700 மில்லியைப் பாட்டிலில் ஊற்றி வைப்போம். தாத்தா காப்பி 100 மில்லி குடித்தால், பாட்டிலிலிருந்து 100 மில்லியைத் துளசிச் செடிக்கு ஊற்றிவிடுவோம். ரசம் ஒரு கரண்டியானாலும் அப்படியே. பாட்டிலில் எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவுதான் மீதி என்று தாத்தாவே கண்ணால் பார்த்துக்கொள்வார். நாங்கள் "கூடாது" என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெரிய தம்ளருக்குப் பதில் சிறிய தம்ளர் வைத்தோம். அந்த நீரிலேயே கொஞ்சம் எடுத்து எலுமிச்சை சில சொட்டு விட்டுப் பனிக்கட்டியாக உறைய வைத்தோம். ஒரு கட்டியில் 15 மில்லிதான். அதை வாயில் போட்டுக்கொண்டால் ஒரு மிடறு தண்ணீரைவிட வெகுநேரம் நாக்கு ஈரமாயிருக்கிறது. காலைக் கஞ்சி இட்லியாக மாறியது. மண்பானையையும் அதன் பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

மார்ச் 5ஆம் தேதி சாம்பல் புதன். அவ்வாண்டுத் தவக்காலத்துக்கு என்ன ஒறுத்தல் செய்வது என்று பேசியபோது, மிட்டாயை விடுவதாகத் தங்கை வழக்கம்போல் சொன்னாள். அப்பாதான், "எல்லாரும் தாத்தா சாப்பாட்டையே சாப்பிடுவோம்" என்றார். தண்ணீரைத் தவிர மற்றவற்றில் எங்களுக்கும் அதே சமையல்தான். முதல் வாரம் சோறு தொண்டையில் இறங்கவில்லை. தாத்தா இதை இரண்டு மாதமாகத் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்றாவது வாரம் முட்டைக்கோஸில் ஓர் இனிப்பு இருப்பது தெரிந்தது. ஏப்ரல் 20ஆம் தேதி உயிர்ப்புப் பெருவிழா. உறவினர் வீட்டு விருந்தில் ஆசையோடு ஒரு வாய் வைத்தோம். உப்புக் கரித்தது! நாக்கு சில வாரங்களில் பழகிக்கொள்ளும் என்று ஆலோசகர் சொன்னது எங்கள் நாக்கிலேயே மெய்யாயிற்று.

அந்தப் பெருவிழாவுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தாத்தாவின் எடை 59 கிலோ 700 கிராம். மூன்று நாளில் கூடியது 1.7 கிலோதான். கெண்டைக்கால் பிடிக்கவில்லை, இரவிலும் ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினார். எப்போதும் இப்படியே இருந்ததாகச் சொல்லமாட்டோம். ஒரு கலியாண வீட்டுச் சாம்பாருக்குப் பிறகு மீண்டும் 3 கிலோ ஏறியது. அன்று தாத்தாவை யாரும் எதுவும் கேட்கவில்லை. நோட்டை எடுத்து, உப்பு எந்த வழியாக வந்தது என்றுதான் பார்த்தோம்.

இப்போது அந்த நோட்டை எழுதுபவர் தாத்தாதான். உப்பளத்துக் கணக்கேட்டில் டன் டன்னாக எழுதிய அதே சாய்ந்த கையெழுத்தில், தேதி, எடை, நீர் என்று கட்டம் போட்டு எழுதுகிறார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'உப்பு: 3 கிராம்'. தினமும் இரவு ஜெபமாலை முடிந்ததும் புட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பார்ப்பார். அதில் ஏதேனும் மீதி இருந்தால், அன்று எங்கள் சமையலுக்கு முழு மதிப்பெண் என்று பொருள்.